கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் விழும் அடியைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: பேராக்கில் ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், மனநல கிளினிக்கில் மிஸ்ஸியாக வேலை செய்கிறேன். தூக்கம் இல்லை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று வரும் பெண்களில் சிலருக்கு வீட்டில் அடி விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கணவரோ மாமியாரோ கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படிக் கேட்பது? "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே அனுப்புவது?

பதில்:

அவர் அறையில் இருக்கும்வரை கேட்காதீர்கள். ஜாடையாகவும் வேண்டாம். கணவர் முன்னால் கேட்டால் அவள் "இல்லை" என்றுதான் சொல்வாள். வீட்டுக்குப் போனதும் "கிளினிக்கில் என்னத்தைச் சொல்லி வைத்தாய்" என்று அதற்கும் சேர்த்து அடி விழும். மாமியார், நாத்தனார், பத்து வயதுப் பிள்ளை, யார் கூட இருந்தாலும் இதே கதைதான். கைக்குழந்தை மட்டும் இருக்கலாம். பேசத் தெரிந்த பிள்ளை வீட்டில் போய் அப்படியே ஒப்பித்துவிடும்.

அதனால் கேள்விக்கு முன்னால் அவளைத் தனியாக்க வேண்டும். அவளுக்கு மட்டும் புதிதாக ஏதோ செய்வதாகத் தெரிந்தால் கணவருக்குச் சந்தேகம் வரும். கிளினிக்கில் வரும் எல்லாருக்கும், ஆண்களுக்கும் சேர்த்து, முதல் பத்து நிமிடம் தனியாகப் பார்ப்பதை வழக்கமாக்கிவிடுங்கள். "இங்கே எல்லாரையும் முதலில் தனியாகப் பார்ப்போம், அப்புறம் குடும்பத்தைக் கூப்பிடுவோம்" என்று மலாயிலும் தமிழிலும் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டால், நீங்கள் யாரையும் வெளியே அனுப்புவதாக இருக்காது, கதவே சொல்லிவிடும். அதற்கும் நகராத ஆள் இருந்தால், எடை பார்க்கவும் பிரஷர் எடுக்கவும் வேறு அறைக்கு அவளை மட்டும் அழைத்துப் போகலாம். சிறுநீர் சோதனைக்கு டாய்லெட் வரைக்கும் கூடப் போகலாம். அந்த நேரத்தில் கணவரைக் கவுண்டரில் ஒரு பாரம் நிரப்பச் சொல்லலாம். இவ்வளவுக்கும் மசியாமல் கதவோரமாகவே நின்றால் அன்று கேட்க வேண்டாம். "கணவர் தனியாகப் பேச விடவில்லை" என்று கோப்பில் எழுதி, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக வரச் சொல்லுங்கள். விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதே ஓர் அறிகுறி.

எல்லாப் பெண்களிடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டியும் அப்படிச் சொல்லவில்லை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம், காரணம் புரியாத நாள்பட்ட வலி போன்றவற்றோடு வருபவரிடம் கேட்கச் சொல்கிறது. மனநல கிளினிக்கில் யோசித்துப் பார்த்தால் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் அதே வழிகாட்டி, தனி இடம், பயிற்சி பெற்ற ஆள், கேட்டபின் அனுப்ப வழி இவை இல்லாத இடத்தில் கேட்கவே கூடாது என்கிறது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் அனுப்புவது, "யாரிடம் சொன்னாலும் பயனில்லை" என்று அவள் ஏற்கெனவே நம்புவதை உறுதிப்படுத்திவிடும்.

இன்னொரு சங்கடம் நம் ஊருக்கே உரியது. டாக்டர் மலாய்க்காரர், நோயாளிக்கு மலாய் தட்டுத்தடுமாறித்தான் வரும், நடுவில் மொழிபெயர்க்க நீங்கள் ஒருவர்தான் தமிழ் மிஸ்ஸி. ஆனால் நீங்களும் அதே தோட்டத்தில் வளர்ந்தவர். உங்கள் சித்தி வீடு அவள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி. உங்களிடம் சொன்னால் மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவள் பயப்படலாம். அது நியாயமான பயம். நீங்களே அதைப் போட்டு உடையுங்கள்: "நான் உங்கள் தோட்டத்துப் பொண்ணுதான், தெரியும். இங்கே பேசுவதை நான் வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். இருந்தாலும் வேறு ஆளிடம் பேசினால் நல்லது என்று தோன்றினால் சொல்லுங்கள், ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து யாரையாவது போனில் பிடித்துத் தருகிறேன்." அப்படி ஒருவரை ஏற்பாடு செய்ய முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். கூட வந்த சொந்தக்காரரை மொழிபெயர்க்க வைப்பதும், கிளினிக் தோட்டக்காரர் மனைவியைக் கூப்பிடுவதும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

இனி கேள்விக்கு வருவோம். எங்கள் பகுதியில் பார்த்த இரண்டு மூன்று பேரின் விஷயங்களைக் கலந்து, பெயர் மாற்றி ஒரு ஆளாகச் சொல்கிறேன். சுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 34, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள். கணவர் ஆலைக்குப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர். தூக்கம் இல்லை, தலை கனக்கிறது என்று வந்தார். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் மதிப்பெண் 17, அதாவது மிதமானதற்கு மேல், கடுமைக்குப் பக்கத்தில். முதல் தடவை கேட்ட கேள்விக்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார். "ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கிறா, ஏதேதோ யோசிக்கிறா, இவளுக்கு மண்டையில்தான் கோளாறு." சுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது முழங்கைக்கு மேல் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றல். சட்டைக் கையை அடிக்கடி இழுத்து விட்டுக்கொண்டார்.

இரண்டாவது தடவை எடை பார்க்கும் அறையில் தனியாகக் கிடைத்தார். மிஸ்ஸி முதலில் சொன்னது கேள்வி அல்ல, எல்லை: "அக்கா, இங்கே பேசுவதை உங்கள் வீட்டுக்காரரிடமோ தோட்ட ஆபீஸிலோ சொல்ல மாட்டோம். இரண்டு விஷயம் மட்டும் வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு அடிபட்டு ஆபத்து என்று தெரிந்தால் டாக்டர் நலத்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். உங்கள் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தால் சும்மா விட்டுவிட முடியாது, ஆனால் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வோம்." இதைக் கேள்விக்கு முன்னால் சொல்லாமல், அவள் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் ஏமாற்றியது போல் ஆகிவிடும். பிள்ளை விஷயத்தில் டாக்டருக்குக் கடமை விதிப்பது 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம்.

அப்புறம் மிஸ்ஸி பொதுவாகத் தொடங்கினார்: "தூக்கம் வராமல் வருகிற நிறையப் பேருக்கு வீட்டில் பிரச்சனை இருக்கிறது, அதனால் எல்லாரிடமும் கேட்கிறோம். உங்கள் வீட்டில் சண்டை வந்தால் எப்படி முடியும்?" சுமதி சிரித்தார். "அவர் சத்தம் போடுவார், நான் வாயை மூடிக்குவேன்." அடுத்தது நேராக: "எப்போதாவது கை ஓங்கியிருக்கிறாரா? அடித்திருக்கிறாரா, உதைத்திருக்கிறாரா, தள்ளிவிட்டிருக்கிறாரா?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "குடிச்சிட்டு வந்தா கொஞ்சம். எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே மிஸ்ஸி."

இந்த இடம் முக்கியம். "உங்களுக்குக் குடும்ப வன்முறை நடக்கிறதா?" என்று கேட்டிருந்தால் சுமதி "இல்லை" என்றிருப்பார். அவர் கணக்கில் அது வன்முறை அல்ல, குடித்த நாளில் நடக்கும் ஒன்று. அதனால் பெரிய சொல்லை விட்டுவிட்டுச் செயலைக் கேட்க வேண்டும். அடித்தாரா, முடியைப் பிடித்தாரா, கதவைப் பூட்டினாரா, சம்பளம் யார் கையில், போனை யார் பார்க்கிறார், விருப்பம் இல்லாதபோது படுக்கையில் கட்டாயப்படுத்தினாரா. மனநலப் பிரிவுக்கென்றே இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது, அதை நான் விட்டதில்லை: "மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்?" மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கணவர் உண்டு. தூங்க வைக்க இரட்டிப்பாகக் கொடுப்பவரும் உண்டு.

சொல்லக் கூடாதவையும் சில இருக்கின்றன. "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் குற்றம் அவள் மேல் போகும். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?" என்பதும் அப்படியே. "விட்டுவிட்டு வந்துவிடுங்கள்" என்பது மிக மோசம். பெண் பிரிந்து போகும் நேரமும் பிரிந்த சில மாதங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம், அதை வாயால் தள்ளிவிட முடியாது. "நீங்கள் சொன்னதற்கு நன்றி. அவர் அடிப்பது உங்கள் தப்பு இல்லை" என்றால் போதும்.

நடுவில் கணவர் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பேசிக்கொண்டிருந்த மிஸ்ஸி, குரலைக்கூட மாற்றாமல், "அப்போ மாதவிடாய் நாளில் தலைவலி அதிகமாகிறதா?" என்று தொடர்ந்தார். இந்த மாற்று வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். உள்ளே கூப்பிட்டதுமே நோயாளியிடமும் சொல்லி வையுங்கள்: "யாராவது வந்தால் நான் பேச்சை மாற்றுவேன், கூடவே வாருங்கள்." மாதவிடாய்ப் பேச்சு என்றால் நம் ஆம்பிளைகள் தாமாகவே வெளியே போய்விடுவார்கள், அது ஒரு வசதி.

அடிக்கிறார் என்று தெரிந்தபின் அடுத்துத் தெரிய வேண்டியது எவ்வளவு ஆபத்து என்பது. இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும் ஆறு கேள்விகளைப் பயன்படுத்தலாம், நீளமாக எதுவும் வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் அடி கூடியிருக்கிறதா, கடுமையாகியிருக்கிறதா? ஆயுதத்தை எடுத்திருக்கிறாரா, காட்டி மிரட்டியிருக்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? அவர் உங்களைக் கொன்றுவிடக்கூடும் என்று நினைக்கிறீர்களா? வயிற்றில் பிள்ளை இருந்தபோது அடித்திருக்கிறாரா? எப்போதும் கடுமையான சந்தேகம் பிடித்து ஆட்டுகிறாரா? மூன்று அல்லது அதற்கு மேல் "ஆமாம்" என்றால் உடனடி ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயுதம் என்றால் துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள், தோட்டத்து வீட்டில் பாராங்கும் அரிவாளும் கதவுக்குப் பின்னாலேயே சாய்ந்திருக்கும். "வீட்டில் பாராங் எங்கே இருக்கிறது, எப்போதாவது கையில் எடுத்தாரா?" என்று கேட்டால் பதில் வரும்.

சுமதி அதில் மூன்றுக்கு ஆமாம் சொன்னார். சமீபத்தில் கூடியிருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, கழுத்து. கழுத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களே அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. சுமதி, "கழுத்தப் புடிச்சு சுவத்துல சாய்ச்சாரு, அப்புறம் விட்டுட்டாரு" என்றுதான் சொன்னார். ஒருமுறை கழுத்தை நெரித்த ஆளால் பின்னால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளியே தடமே இல்லாமலும் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், பக்கவாதம் நாள் கடந்தும் வரலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்க வலிக்கிறதா, அந்த நேரத்தில் கண் இருட்டியதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அண்மையில் நடந்திருந்தால் மனநல அறையில் வைத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு அனுப்ப வேண்டும். சுமதிக்கு அது நான்கு நாள் முன்னால், குரல் இன்னும் கரகரப்பு.

அதே சந்திப்பில் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா, வழி ஏதாவது யோசித்தாரா. பாராகுவாட் புல்மருந்துக்கு 2020 தொடக்கத்திலிருந்து மலேசியாவில் தடை. ஆனாலும் தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் வேறு மருந்துகள் ஸ்டோரில் இருக்கும், பழைய போத்தலும் எங்காவது கிடக்கும். வீட்டில் எந்தப் புல்மருந்தும் வைக்காமல் இருக்க வழி பாருங்கள். தற்கொலை முயற்சி இப்போது குற்றம் இல்லை, 2023இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். அதைச் சொன்னால் பல பெண்கள் வாய் திறக்கிறார்கள், போலீஸ் பிடிக்கும் என்ற பயம் பழசு.

மருந்து எழுதும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ராத்திரி பயத்தால் விழித்திருக்கும் பெண்ணுக்குக் கனமான தூக்க மாத்திரை கொடுத்தால், கணவர் குடித்துவிட்டு வரும் நேரத்தில் அவள் எழுந்து ஓடக்கூட முடியாது. மனச்சோர்வு மருந்து தேவையென்றால் கொடுங்கள், மயக்கம் குறைந்ததாக, ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும். மாதக் கணக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பினால் அதுவே விஷமாகலாம்.

இப்போது அனுப்பும் இடங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் "ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்" என்ற ஏற்பாடு இருக்கிறது, ஓஎஸ்சிசி என்பார்கள். 1994இல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. அடிபட்டவரைத் தனி அறையில் வைத்துப் பார்த்து, காயத்தை எழுதி, விரும்பினால் போலீஸையும் நலத்துறையையும் அங்கேயே வரவழைப்பார்கள். கழுத்து நெரிபட்டவர், எலும்பு முறிந்தவர், கர்ப்பிணி, கட்டாய உறவுக்கு ஆளானவர் இங்கேதான் போக வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தால்தான் வைத்தியம் என்று யாரும் சொல்லக் கூடாது. முன்கூட்டியே போன் செய்து, யார் வருகிறார் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவள் கவுண்டரில் எல்லார் முன்னாலும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது நலத்துறை, ஜேகேஎம். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று வந்தது. அதை நலத்துறை அதிகாரியே கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம், போலீஸ் ரிப்போர்ட்டும் முன்னால் வேண்டாம். கேட்ட இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஏழு நாள் செல்லும். அடிப்பவர் அவளிடம் வன்முறை செய்யவோ, அவள் தங்கியிருக்கும் இடத்துக்குள் நுழையவோ கூடாது. உடலுக்கு அடிபட்டது, அடிபடும் என்ற பயம் போன்றவற்றுக்குத்தான் இது, வாயால் இம்சை செய்வதற்கு மட்டும் கிடைக்காது. அந்த ஏழு நாளுக்குள் நீண்ட பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்து, விசாரணை அதிகாரியின் கடிதத்துடன் மாஜிஸ்திரேட் மூலம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், விசாரணை முடியும்வரை அது செல்லும். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அப்புறம் பன்னிரண்டு மாதம் வரைக்குமான ஆணை, அதை நீட்டிக்கவும் முடியும். ரிப்போர்ட்டை எந்த போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். பட்டணத்து நிலையத்தில் கணவரின் நண்பர் யாராவது இருந்தால் ஈப்போவிலேயே கொடுத்துவிடலாம்.

இதில் நம்மவர்களுக்கு முக்கியமான ஒரு சங்கதி. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழும் ஜோடிகள் தோட்டங்களில் இன்னும் உண்டு. "பதிவு இல்லையே, எனக்குச் சட்டம் எங்கே" என்பாள். பதிவாகாவிட்டாலும், தங்கள் மத, வழக்கச் சடங்கோடு கல்யாணம் செய்தவர்களை இந்தச் சட்டம் கணவன் மனைவியாகவே எடுத்துக்கொள்கிறது. பதிவுப் பத்திரம் இல்லை என்று அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் நீங்கள் மெதுவாக, ஆனால் விடாமல் இதைச் சொல்லுங்கள்.

இன்னும் வெளியேறத் தயாரில்லாதவளுக்கு வழக்கு ஆணை எல்லாம் இன்றைக்கு வேண்டாம், ஆள் வேண்டும். 15999 என்ற தாலியான் காசிஹ் உதவி எண் நாள் முழுக்க இயங்கும், மனதிலேயே பதியும். பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூஏஓவின் எண் 03-3000 8858. ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் என்ற பெண்கள் சங்கம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. எதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். அவள் கைபேசியில் "தையல்கடை" என்ற பெயரில் பதியலாம், அழைத்தபின் அழைப்புப் பட்டியலை அழிக்கச் சொல்லுங்கள். கணவர் போனைப் பார்ப்பவர் என்றால் பதியவே வேண்டாம், 15999ஐ மனப்பாடம் செய்யட்டும்.

சுமதி அன்று வீட்டைவிட்டுப் போக மறுத்தார். காரணம் நம்மூர்க் காரணம்: லயத்து வீடு கணவர் வேலைக்குக் கொடுத்தது, வெளியேறினால் கூரை போகும், சுமதியின் வேலையும் அதே தோட்டத்தில். எல்லாருக்கும் இந்தக் கணக்கு உண்டு, அதை நாம் அலட்சியமாகப் பேசக் கூடாது. முடிவு அவருடையது. ஆனால் கழுத்துக்காக ஓஎஸ்சிசிக்குப் போவதற்குச் சம்மதித்தார், கணவருக்கு "தலைவலிக்கு ஸ்கேன்" என்று சொல்லப்பட்டது. நலத்துறை அதிகாரி அங்கேயே வந்து பேசினார், ஆணை அன்று கேட்கவில்லை. அதோடு ஒரு பாதுகாப்புத் திட்டம் போடப்பட்டது. ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைச் சித்தியவன் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பிள்ளையின் பள்ளிப் பையில் வைத்து அனுப்பினார். சண்டை தொடங்கினால் சமையலறைப் பக்கம் போகாமல் முன் வாசல் பக்கம் இருப்பது. "அம்மாவுக்கு ரசம் வைக்கணும்" என்று அக்காவுக்கு அனுப்பினால் போலீஸைக் கூப்பிடு என்று அர்த்தம். தோட்டச் சாலை வழியாகப் பெருஞ்சாலைக்கு எவ்வளவு தூரம், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, இரவில் யார் காரை எடுப்பார், இதையெல்லாம் அவரே வாயால் சொல்லவிட்டு எழுதினார்கள். எழுதிய தாள் கிளினிக்கில் இருந்தது, அவர் கையில் அல்ல.

பதிவேடு பற்றி. நோயாளி கையோடு எடுத்துப்போகும் கிளினிக் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது, தூக்கக் குறைவு, தலைவலி போதும். தோட்ட ஆபீஸில் கிராணி பார்க்கும் எம்சியிலும் அப்படியே. உள்கோப்பில் மட்டும் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்: "'கழுத்தப் புடிச்சு சுவத்துல சாய்ச்சாரு' என்று நோயாளி கூறினார், நான்கு நாள் முன்பு." காயத்தின் இடம், அளவு, நிறத்தை உடல் வரைபடத்தில் குறியுங்கள். "குற்றம் சாட்டுகிறார்" என்று எழுதினால் நீங்கள் நம்பவில்லை என்று படிக்கப்படும். பின்னால் கோர்ட்டில் இந்தப் பதிவு அவளுக்குச் சாட்சியாக நிற்கும். இன்னொரு விதத்திலும் உதவும்: "இவளுக்கு மண்டையில் கோளாறு, பிள்ளைகளை நான் வைத்துக்கொள்கிறேன்" என்று கணவர் கேட்கும் நாளில், கோளாறு எப்படி, எதனால் வந்தது என்பது எழுத்தில் இருக்கும்.

இதே காரணத்துக்காகத் தீவிர மனநோய் உள்ளவரிடமும் கேட்க வேண்டும். ஸ்கிசோப்ரினியா உள்ள பெண் "அவர் அடிக்கிறார்" என்றால் அது மருட்சி என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே அடிபடுகிறார்கள். மருட்சியும் இருக்கலாம், அடியும் நிஜமாக இருக்கலாம். உடலைப் பாருங்கள், நாள் கேளுங்கள், பக்கத்துச் சொந்தக்காரரிடம் விசாரித்து அவளைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

சமரசம் பேச வேண்டாம். கணவரைக் கூப்பிட்டு "இப்படி அடிக்கிறீர்களாமே" என்று கேட்பது, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசனை சொல்வது, கோயில் கமிட்டித் தலைவரிடம் விஷயத்தைக் கொண்டுபோவது, மூன்றும் அன்றிரவு அவளைத்தான் பாதிக்கும். அவர் குடியை நிறுத்த உதவி வேண்டும் என்று அவராகவே வந்தால் தனி வழி, தனி ஆள், தனி நாள். குடி அடியைக் கூட்டும், ஆனால் குடி போனால் அடி போய்விடும் என்று நம்ப வேண்டாம். சந்தேகமும் கட்டுப்பாடும் குடிக்காத நாளிலும் இருக்கும்.

அடுத்த சந்திப்பு இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும், மாதம் கழித்து அல்ல. நினைவூட்டப் போன் செய்தால் முதல் கேள்வி "இப்போது பேச வசதியா, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்பதே. வேறு குரல் எடுத்தால், "கிளினிக்கிலிருந்து, அக்கா ரத்தச் சோதனைக்கு வர வேண்டும்" என்று மட்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது இந்தப் பேச்சே எடுக்காதீர்கள், லயத்தில் சுவர் மெல்லிசு.

சுமதி ஆறாவது வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்குப் போய் அங்கிருந்து 15999ஐ அழைத்தார். வெள்ளி மாலையில் அலுவலகங்கள் மூடிவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அதனால்தான் மாவட்ட நலத்துறையின் பணி நேரத்துக்குப் பிறகான எண்ணும், ஓஎஸ்சிசியின் நேரடி எண்ணும், உங்கள் டாக்டரின் எண்ணும் ஒரே தாளில், மருந்து அலமாரியின் உட்கதவில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பாருங்கள், எண் மாறுவதும் ஆள் மாறுவதும் வழக்கம்.

கடைசியாக, கணவர் கவுண்டருக்கு வந்து "என் பொண்டாட்டி என்ன சொன்னா" என்று கேட்கும் நாளும் வரும். "அவர் வந்தாரா இல்லையா என்றுகூடச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, அண்ணே. உங்கள் விவரத்தையும் இதே மாதிரிதான் காப்போம்" என்று சொல்லி, குரலை உயர்த்தாமல், இன்னொரு ஆளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். அவர் போகவில்லை என்றால் காவலாளியை அழையுங்கள். அன்று அவர் வந்ததையும், மணியையும், சொன்ன வார்த்தைகளையும் கோப்பில் எழுதிவிட்டு, அவளுக்குப் பாதுகாப்பான நேரத்தில் அதைத் தெரிவித்துவிடுங்கள்.